ஐந்து சாதனங்கள் என்றால் ஐந்து பேர் பார்க்கலாம் என்று நம்பி 1,799 ரூபாயைத் தொலைத்தேன்

ஒரு ஓடிடி தளத்தின் குடும்பத் திட்டத்துக்கு ஓராண்டுச் சந்தாவாக 1,799 ரூபாய் கட்டி இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. திரைப்படம், தொடர், கிரிக்கெட் எல்லாவற்றையும் ஒரே செயலியில் தரும் பெரிய தளங்களில் அதுவும் ஒன்று. பெயரை எழுதப் போவதில்லை. பணம் திரும்பக் கிடைக்காது என்று இன்று காலை உறுதியாகத் தெரிந்துவிட்டதால், அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். நானும் மனைவியும் மகனும் திருச்சியில் இருக்கிறோம்; மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்; அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் மோடத்தை மாற்ற வந்தபோது, இந்தத் திட்டத்தைத் தம் கைப்பேசியில் காட்டினார். “5 சாதனங்கள்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஐந்து முகங்கள் வரைந்து, ஆளுக்கொரு சுயவிவரம் வைத்துக்கொள்ளலாம் என்றும் போட்டிருந்தார்கள். நான் அப்போதே தெளிவாகக் கேட்டேன்: “அம்மா கும்பகோணத்துல, பொண்ணு சென்னையில. எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கலாமா தம்பி?” அவர், “தாராளமா பாக்கலாம் சார், அஞ்சு டிவைஸ்னு போட்டிருக்குல்ல” என்றார். ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூட என்னிடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டிராத ஆள். அந்த நம்பிக்கையில் யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தினேன். 1,799 ரூபாய் போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டு மணிக்கு அம்மா தம் வீட்டுத் தொலைக்காட்சியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து மகள் அழைத்து, படத்தை ஓட விட்டால் வேறு திரைகளில் பார்த்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வருகிறது என்றாள். சாதனங்கள் கூடிப்போய்விட்டன போலும் என்று எண்ணி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் ஒரே அடியாக வெளியேறும் பொத்தானை அழுத்தினேன். அதனால் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: பாதித் தொடரில் அம்மாவின் தொலைக்காட்சி நின்றுபோனது. திரையில் வரும் குறியீட்டைக் கைப்பேசியில் அடித்து மறுபடி உள்ளே நுழைய அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து சரிசெய்ய ஒன்பதரை ஆயிற்று. அதற்குள் மகனும் மறுபடி கார்ட்டூனைப் போட்டுவிட, மகளுக்கு அதே செய்தி மறுபடியும் வந்தது.

நான் தொட்டது தவறான வரம்பு. திட்டப் பக்கத்தின் அடியில் “மேலும் அறிய” என்பதைத் திறந்தால்தான் தெரியும், இதில் இரண்டு வெவ்வேறு எண்கள் இருக்கின்றன. முதலாவது, ஒரு கணக்கில் எத்தனை சாதனங்கள் பதிவாகி இருக்கலாம் என்பது. எங்களுக்கு அது ஐந்து. இரண்டாவது, அந்த ஐந்தில் எத்தனை சாதனங்களில் ஒரே நேரத்தில் படம் ஓடலாம் என்பது. எங்களுக்கு அது வெறும் இரண்டு. ஐந்து வீட்டுச் சாவிகளைக் கொடுத்துவிட்டு உள்ளே இரண்டு நாற்காலிகளை மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். சுயவிவரங்கள் ஐந்து என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அவை ஆளுக்கு ஆள் பார்த்த பட்டியலைப் பிரித்து வைப்பதற்கு மட்டுமே.

எந்த வரம்பில் முட்டிக்கொண்டோம் என்பதை, செய்தி வரும் இடத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். சாதன வரம்பு எங்கள் தளத்தில் உள்ளே நுழையும்போதே தடுக்கும். ஏதாவது ஒரு சாதனத்தை நீக்கச் சொல்லும். திரை வரம்போ உள்ளே விட்டுவிடும். படங்களின் பட்டியல் வரும், தேடலாம், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஓட விடும்போதுதான் மறுக்கும். மகளுக்கு நேர்ந்தது இரண்டாவது. அதற்குச் சாதனத்தை நீக்கிப் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திரை நின்றால்தான் வழி.

இதைப் புரிந்துகொண்ட பிறகும் செவ்வாய் இரவு இன்னொரு கூத்து நடந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைந்திருந்தது. ஆக ஒரு திரைதானே ஓடுகிறது? ஆனாலும் மகளுக்கு மறுப்புச் செய்தி வந்தது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தால், மகன் மாலையில் விட்டுச் சென்ற கார்ட்டூனின் அடுத்தடுத்த பகுதிகள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. தொலைக்காட்சியின் பின்புறம் செருகும் ஸ்டிக்குக்குத் தனி அடாப்டரில் மின்சாரம் போகிறது. அவன் தொலைக்காட்சியின் ரிமோட்டில் அணைத்தது திரையை மட்டுமே. ஸ்டிக் இருட்டில் படம் காட்டிக்கொண்டு ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. படம் ஓடும் வரை செயலி இடைவிடாமல் தளத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். மின்சாரத்தைச் சட்டென்று பிடுங்கினாலும் அந்த இடம் உடனே காலியாகாது, தகவல் நின்றுவிட்டது என்று தளம் முடிவுசெய்யச் சில நிமிடங்கள் பிடிக்கும். பின்செல்லும் பொத்தானை அழுத்திப் படத்திலிருந்து வெளியே வந்தால்தான் உடனே விடுபடும்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. தளத்தின் உதவி அரட்டையில் முழு விவரத்தையும் எழுதினேன். “உங்கள் கணக்கு இயல்பாகச் செயல்படுகிறது” என்று பதில் வந்தது. இயல்பாகச் செயல்படவில்லை என்று நான் சொல்லவே இல்லையே; ஐந்து என்று காட்டி இரண்டைத் தந்ததைத்தான் கேட்டேன். அடுத்து வந்தவர், விதிமுறைகளை ஏற்றுக்கொண்டுதானே பணம் கட்டினீர்கள் என்றார். மூன்றாமவர், திட்டத்தை விற்றவரிடம் கேளுங்கள் என்று கைகழுவினார். இணைய இணைப்பு அலுவலகத்தில் கேட்டால், பணம் எங்களுக்கு வரவில்லை, தளத்திடம் கேளுங்கள் என்கிறார்கள். 1,799 ரூபாய் யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. பார்க்கத் தொடங்கிவிட்ட சந்தாவுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்பதே இன்று காலை வந்த இறுதிப் பதில். நான்கு திரைகள் வேண்டுமென்றால் மேல்திட்டத்துக்கு மாறி வித்தியாசத்தைக் கட்டலாமாம்.

அந்தத் தம்பி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நான் எப்படிப் படித்தேனோ அப்படியே அவரும் படித்திருக்கிறார். அப்படித்தான் படிப்பார்கள் என்று தெரிந்தே அந்தப் பக்கத்தை அமைத்திருக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சந்தா கட்டுமுன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது கை ஓடவில்லை. “ஒரே நேரத்தில்” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள், அந்தச் சொல்லே இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள். பதிவான சாதனங்களுக்குள்ளேயே தொலைக்காட்சி இத்தனைதான் என்று தனி வரம்பு இருக்கிறதா, குடும்பம் என்பது ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டுமா என்பதையும் பாருங்கள். வெளியூரில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது முக்கியம். ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். திட்டப் பக்கத்தைப் பணம் கட்டும் முன்பே திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, புகாரைப் பதிந்திருக்கிறேன். யுபிஐ செயலியில் தானியங்கிக் கட்டண அனுமதியையும் ரத்துசெய்துவிட்டேன், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் இன்னொரு 1,799 ரூபாய் தானாகப் போயிருக்கும்.