75, 85, 95: பட்டுப் புடவைப் படத்துக்கு எந்தத் தரம்?

அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை, இழை இழையாக ஜரிகை. இப்படி ஒரு பட்டுப் புடவையைப் படமெடுத்து விற்பனைப் பக்கத்தில் போடும்போது ஜேபெக் தரத்தை எவ்வளவு வைப்பது? அதிகம் வைத்தால் பக்கம் திறக்க நேரமாகும். குறைத்தால் வாங்குபவர் பார்க்க விரும்பும் ஜரிகையே மழுங்கிவிடும்.

தர எண்ணுக்கு முன்னால் அளவைக் குறைத்துவிட வேண்டும். 4000×3000 பிக்சல் படத்தை 1600×1200 ஆக்கினால் பிக்சல்கள் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இந்த ஒரு வேலை தரும் லாபத்தை எந்தத் தர எண்ணும் சேதமில்லாமல் தராது.

இனி எண்கள். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். போகப் போக நுணுக்கமான ஏற்ற இறக்கங்கள். ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய ஒரு வகுஎண்ணால் வகுத்து, முழு எண்ணாக்கிச் சேமிக்கிறது. சேதம் பெரும்பாலும் இந்த முழு எண்ணாக்கலில்தான் நடக்கிறது. தர எண் என்பது அந்த வகுஎண்களைப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும் திருகு.

ஜரிகையின் நெருக்கமான கோடுகளுக்குரிய ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். வெளிச்சத்துக்கான வகுஎண்களின் வழக்கமான அட்டவணையில், முதல் வரிசையில் ஏழாவது இடம். தரம் 50-இல் அங்கே வகுஎண் 51. நம் கட்டத்தில் அந்த இடத்தில் 12 இருக்கிறது என்று வைப்போம். தரம் 75-இல் வகுஎண் 26. வகுத்தால் அரைக்கும் குறைவு, பூஜ்ஜியமாகிவிடும். அந்த இழை போனது போனதுதான். 85-இல் வகுஎண் 15. ஒன்றாகச் சேமிக்கப்பட்டு, திறக்கும்போது 15 ஆகத் திரும்பும். கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் இழை இருக்கிறது. 95-இல் வகுஎண் 5. திரும்பி வருவது 10. உண்மைக்கு இன்னும் நெருக்கம்தான். ஆனால் 15-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பிடிப்பது அரிது. கோப்போ 85-ஐவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வரை போகும். 95-ஐ விட்டு 85-ஐ நான் பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம். 100 வைத்தாலும் இழப்பே இல்லாத படம் கிடைக்காது. வகுஎண் 1 ஆனாலும் முழு எண்ணாக்கல் நடந்துகொண்டேதான் இருக்கும்.

முகம், மரம், தெரு போன்ற சாதாரணப் படங்களுக்கு 75 பெரும்பாலும் போதும். பட்டுக்குப் போதாது. கூர்மையான ஜரிகை விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் தெரியும். பின்னால் உள்ள வெற்றுத் துணியின் நிழலில் கட்டங்கள் தலைகாட்டும்.

ஆனால் பட்டுப் புடவையில் பலரும் தர எண்ணின் மேல் போடும் பழி உண்மையில் வேறொன்றைச் சேர்ந்தது. ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கிறது. 4:2:0 முறையில் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல். 4:4:4 முறையில் பிக்சலுக்கு ஒன்று. நம் கண் நிறத்தின் நுணுக்கத்தில் மந்தம் என்பதால் பல படங்களில் முதல் முறை தெரியாமல் போய்விடும். சிவப்பும் பச்சையும் ஒரே அளவு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அப்படியல்ல. உடலும் கரையும் சேரும் கோடு கசிந்து, மெல்லிய சிவப்புப் பூவேலை மங்கிப்போகும். தரத்தை 85-இலிருந்து 89 ஆக்கினாலும் இந்தக் கசிவு தீராது, ஏனென்றால் வகுப்பதற்கு முன்பே நிறம் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே 4:2:0 கொண்ட 89-ஐவிட 4:4:4 கொண்ட 85 புடவைக்கு நல்லது. கோப்பு சற்றுப் பெருக்கும், ஆனால் நிறத் தகவல் நன்றாகச் சுருங்கும் என்பதால் இரட்டிப்பாகாது.

கட்டளை வரியில் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் நாமாகச் சொல்லாவிட்டால் 90-க்குக் கீழே நிறம் குறைக்கப்படும். அதனால் சொல்லிவிட வேண்டும்:

```
magick pudavai.png -resize 1600x -sampling-factor 4:4:4 -quality 85 pudavai-85.jpg
```

ஜிம்பில் ஏற்றுமதிப் பெட்டியின் கூடுதல் அமைப்புகளில் இதே தேர்வு இருக்கிறது. போட்டோஷாப்பின் 0 முதல் 12 வரையிலான அளவுகோல் வேறு. அங்கே 10 என்பதை இங்கே 85 என்று கணக்குப் போட முடியாது.

சோதிக்கும்போது, அளவு குறைத்த படத்தை இழப்பில்லாத பிஎன்ஜியாகவும் சேமித்து, அதனுடன் ஒப்பிடுங்கள். 4000 பிக்சல் மூலத்துடன் ஒப்பிட்டால் அளவு குறைத்ததால் வந்த மென்மையையும் தரத்தின் தலையில் கட்டிவிடுவோம். இரண்டையும் 100 சதவீத அளவில், ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டி, கரை சேரும் கோட்டையும் ஜரிகை விளிம்பையும் நிழலையும் மட்டும் பாருங்கள். நான்கு மடங்கு பெரிதாக்கினால் எந்த ஜேபெக்கிலும் குறை தெரியும். வாங்குபவர் அப்படிப் பார்ப்பதில்லை. தேர்ந்த 85-ஐயே மறுபடி திறந்து வெட்டி, திருத்திச் சேமித்தால் சேதம் கூடிக்கொண்டே போகும். திருத்தம் வந்தால் மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.