ஓனர் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் கரண்ட் பில்லை அப்படியே கட்டிவிடாதீர்கள்

சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு மாதத்தில் நான்கு கரண்ட் பில்லுக்கு நான் கூடுதலாகக் கொடுத்த பணம் 3,860 ரூபாய். என் வீட்டுக்குத் தனி மீட்டர், தனி இணைப்பு எண் எல்லாம் இருந்தும் இது நடந்தது.

2024 ஆகஸ்டில் குடிவந்தோம். முதல் நாளே ஓனர், "கரண்ட் பில்லை நானே ஆன்லைன்ல கட்டிடுவேன்மா, நீங்க எங்கிட்ட குடுத்தா போதும்" என்றார். உதவியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி அனுப்புவார். யூனிட், பெருக்கல் ரேட், அதற்குக் கீழே "பிக்ஸட் 100", கடைசியில் அடிக்கோடிட்ட மொத்தம். கணக்கு சரியாகப் பெருக்கியிருக்கும். அதனால் சந்தேகமே வரவில்லை.

2025 ஏப்ரலில் மின்வாரிய ஊழியர் ரீடிங் எடுக்க வந்தபோது நான் தற்செயலாகப் படிக்கட்டில் நின்றிருந்தேன். 13,276 என்று அவர் குறித்துக்கொண்டார். வெள்ளை அட்டையில் அதற்கு முந்தைய வரி 12,846. அப்படியானால் 430 யூனிட். மீட்டர் பெட்டிக்கு மேலே பெயிண்டில் எழுதியிருந்த இணைப்பு எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் போனில் பணம் கட்டும் ஆப்பில், மின்வாரியத்தைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைப் போட்டேன். ஓனர் பெயரோடு தொகை வந்தது: 1,364 ரூபாய். இரண்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது: 430 × 6.30, பிக்ஸட் 100, மொத்தம் 2,809.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவர் என்ன செய்கிறார் என்று புரிந்தது. கடைசியாக எந்த ஸ்லாப்பில் போய் நிற்கிறோமோ அந்த ரேட்டை மொத்த யூனிட்டுக்கும் போட்டுவிடுகிறார். ஸ்லாப் அப்படி வேலை செய்யாது. 2024 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்த ரேட்டில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் ஓடினால், முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட், அதாவது 101 முதல் 200 வரை, 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் ரேட் மட்டும்தான். என் 430 யூனிட்டில் 6.30 ரூபாய் ரேட் விழ வேண்டியது கடைசி 30 யூனிட்டுக்கு மட்டும். ஆக 235, 940, 189, கூட்டினால் 1,364. ஆப்பில் வந்த தொகைக்கு ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

அடுத்தது அந்த 100 ரூபாய் பிக்ஸட். வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணம் என்று முன்பு உண்மையிலேயே இருந்தது. 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டண மாற்றத்தோடு அதை எடுத்துவிட்டார்கள். கடைகளுக்கு இன்னும் உண்டு. மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்புக்குத் தனி ரேட், அங்கே கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் வரலாம். ஆனால் அதை ஓனர் பொதுச் செலவு என்று சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். நம் வீட்டு மீட்டர் பில்லில் அந்த வரியே கிடையாது.

பழைய சீட்டுகள் சமையலறை டிராயரில் இருந்தன. 380 யூனிட்டுக்கு 1,886 வாங்கியிருக்கிறார். உண்மையில் 1,081. 310 யூனிட்டுக்கு 1,557, உண்மையில் 752. 290-க்கும் அதே கதை. மூன்று பில்லிலும் வித்தியாசம் சரியாக 805 ரூபாய். முதலில் திகைத்தேன். அப்புறம் யோசித்தால் காரணம் நேரடியானது: இலவச 100 யூனிட்டுக்கு 470, பாதி ரேட்டில் கிடைக்க வேண்டிய 100 யூனிட்டில் 235, பிக்ஸட் 100. அரசு கொடுக்கும் மானியம் முழுக்க அவர் கைக்குப் போயிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

கேட்டபோது அவர், "எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா வாங்குறாங்க" என்றார். போட்டோவைக் காட்டியதும் கடைசி இரண்டு பில்லின் கூடுதல் பணத்தை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். முதல் இரண்டுக்கு இன்னும் பதில் இல்லை. இப்போது பில்லை நானே கட்டுகிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆப்பில் தொகை தெரிவது பில் கட்டும் வரைதான். ஓனர் முந்திக் கட்டிவிட்டால் பாக்கி இல்லை என்றுதான் வரும். ரீடிங் எடுத்த அன்றே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும், பக்கத்தில் kWh என்று வரும் எண்ணைத்தான் குறிக்க வேண்டும்.

ஜூன் பில்லில் எனக்கு 520 யூனிட் வந்தது, ஏசி ஓடிய மாதங்கள். தொகை 2,208. இதிலும் ஏதோ தப்பு என்று முதலில் பதறினேன், ஆனால் அது சரியான பில்தான். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 ரேட் போய்விடும், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. இலவச 100 மட்டும் இருக்கும். 501 முதல் 600 வரை 8.40. அதனால் 500 யூனிட்டுக்கு 1,805 கட்டுகிறவர் 501 யூனிட்டுக்கு 2,048.40 கட்ட வேண்டும். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. இங்கே ஓனரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பழைய முறையில் எழுதியிருந்தால் 4,468 கேட்டிருப்பார்.

ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன், ஆளுக்கொரு சப் மீட்டர் என்று இருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே இலவச 100 யூனிட் எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறைதான், ஸ்லாப்பும் மொத்தத்துக்குத்தான் ஏறும். அங்கே மெயின் பில்லைக் காட்டச் சொல்லி, தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். மூன்று வீடும் சேர்ந்து 900 யூனிட் ஓடினால் பில் 5,820, யூனிட்டுக்கு 6.47 ரூபாய்தான் வரும். எங்கள் தெருக்கோடி வீட்டில் இப்படித்தான் மூன்று குடும்பம். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று பேசிவைத்து மூன்று வருஷமாக வாங்குகிறார்கள். மெயின் பில்லை இதுவரை யாரும் பார்த்ததில்லையாம். இந்த மாதம் ரீடிங் எடுக்க வரும்போது நானும் அவர்களோடு போய் நிற்கப்போகிறேன்.