டிரைவர் சம்பளத்தைக் கழித்துத் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

சங்ககிரிப் பக்கம் சொந்தமாக மூன்று வண்டி ஓட்டுகிறேன். இரண்டு பத்து சக்கர லாரி, ஒரு குட்டி யானை. 2023-24 கணக்குக்கு ரிட்டர்ன் போட, எங்கள் செட்டில் பலருக்கும் போடும் ஒரு கன்சல்டன்ட்டிடம் போனேன். "டிரைவர் சம்பளம், பேட்டா எல்லாத்தையும் கழிச்சு வரியே இல்லாம பண்ணிடலாம், ட்ரிப் ஷீட் மட்டும் கொண்டாங்க" என்றார். கட்டணம் 15,000 ரூபாய்.

நானும் என் மனைவியும் நான்கு ராத்திரி உட்கார்ந்து, மூன்று டிரைவர்களின் ட்ரிப் ஷீட்டுகளையும் மாதவாரியாக அடுக்கினோம். ஒரு மஞ்சள் பையில் போட்டு, சணலால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். ரிட்டர்ன் போட்டாச்சு, வரி பூஜ்யம் என்று பை திரும்பி வந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

2025 ஜூனில் நாலாவது வண்டிக்குக் கடன் கேட்டுப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வங்கியில் இருந்தவர் ஆர்சியையும் ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உங்க லாரி 28 டன், இதுல ஏன் 12 டன்னு இருக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கடனை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

பிறகு வேறொரு ஆடிட்டர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். வருடத்தில் எந்த நேரத்திலும் பத்து வண்டிக்கு மேல் சொந்தமாக வைத்திராதவர்களுக்கு 2023-24 கணக்குக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தில் 44AE என்ற பிரிவு இருக்கிறது. கணக்குப் புத்தகம் தேவையில்லை. வண்டியோடு மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் இருந்தால் வண்டிக்கு மாதம் 7,500. லோடு ஏற்றினோமா, என்ன வாடகை வந்தது என்பதெல்லாம் பார்ப்பதில்லை. வண்டி நம் பேரில் இருந்தாலே அந்த மாதம் கணக்கில் சேரும், மாதத்தில் சில நாள் மட்டும் இருந்தாலும் முழு மாதம்தான். தவணையில் எடுத்த வண்டிக்கும் நாம்தான் உரிமையாளர்.

டிரைவர் விஷயம் இதுதான். அந்த 1,000 ரூபாயும் 7,500 ரூபாயும் செலவெல்லாம் போன பிறகு நிற்கும் லாபம் என்றே சட்டம் வைத்துக்கொள்கிறது. டிரைவர் சம்பளம், பேட்டா, கிளீனர் கூலி, டீசல், டயர், இன்சூரன்ஸ், கடன் வட்டி, தேய்மானம் எல்லாம் ஏற்கெனவே கழித்ததாகத்தான் அர்த்தம். அதிலிருந்து மறுபடி ஒரு ரூபாய்கூட டிரைவர் பேரில் கழிக்க முடியாது. ட்ரிப் ஷீட் மூட்டையே அந்தக் கன்சல்டன்ட்டுக்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் அவர் செய்தது என்ன? ஐடிஆர்-4 படிவத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு எண், டன், எத்தனை மாதம் என்று கேட்பார்கள். என் இரண்டு லாரிக்கும் 12 டன் என்று போட்டிருந்தார். சரியாக 12 என்றால் கனரக வண்டியில் சேராது, 7,500 போதும். அதிலும் ஒரு லாரி விபத்தாகி நாலு மாதம் பட்டறையில் கிடந்ததால் எட்டு மாதம்தான் காட்டினார். 90,000, 60,000, குட்டி யானைக்கு 90,000. மொத்தம் 2,40,000.

உண்மையான கணக்கு: லாரிக்கு மாதம் 28,000 வீதம் இரண்டுக்கு 56,000. குட்டி யானைக்கு 7,500. மாதம் 63,500, வருடத்துக்கு 7,62,000. பட்டறையில் கிடந்த மாதமும் சேரும். புதிய முறையில் இதற்கு வரி, செஸ்ஸோடு 32,448 ரூபாய். திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் முடிந்துவிட்டதால், தாமதமாக 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போட்டேன். வரி, வட்டி கட்டியது போக, அந்த இரண்டும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. துறையே நோட்டீஸ் அனுப்பிக் கண்டுபிடித்திருந்தால் அபராதம் இன்னும் மோசம், தவறான தகவல் கொடுத்ததாக 200 சதவீதம் வரை போகும்.

நிஜமாகவே டிரைவர் செலவு அதிகமாகி, அந்த வருடம் இவ்வளவு லாபம் நிற்கவில்லை என்றால் வழி உண்டு. முழுக் கணக்கு எழுதி, சிஏவிடம் ஆடிட் செய்து, குறைந்த லாபத்தைக் காட்டலாம். அங்கேதான் ட்ரிப் ஷீட்டும் பேட்டா வவுச்சரும் உதவும். ஆடிட் இல்லாமல் லாபத்தைக் குறைத்துக் காட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பேப்பரைக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கன்சல்டன்ட்டிடம் போன் செய்து கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான்ணே போடறேன்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்படி யாராவது உங்களுக்குப் போட்டுத் தந்த ரிட்டர்ன் இருந்தால் incometax.gov.in தளத்தில் உங்கள் பான் எண்ணில் உள்ளே போய் இறக்குங்கள். டன் கட்டத்தையும் ஆர்சியில் உள்ள மொத்த எடையையும் ஒத்துப் பாருங்கள். எனக்குப் போட்டது போல பெரிய லாரிக்கும் 12 என்று இருந்தால், வங்கியோ துறையோ கேட்பதற்கு முன் திருத்திவிடுங்கள்.