மூன்றில் இரண்டா, ஐந்தில் மூன்றா: ரொட்டிப் படம், குறுக்குப் பெருக்கல், பட்டைப் படம்

உப்புவெளியில் என் தம்பியின் வீடு. அவனுடைய மகள் தரம் 5 படிக்கிறாள். போன கிழமை ஒரு பின்னேரம் கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வியில் நின்றுவிட்டாள். 2/3, 3/5 இரண்டில் எது பெரியது?

சும்மா யோசித்துக்கொண்டு இருக்கவில்லை, படம் கீறித்தான் பார்த்திருந்தாள். மேலே வரிசையாக மூன்று பெட்டி, அதில் இரண்டுக்கு நிறம். கீழே வரிசையாக ஐந்து பெட்டி, அதில் மூன்றுக்கு நிறம். "ஐந்தில மூண்டுதான் மாமி பெரிசு. நிறம் அங்கதானே கூட நீளத்துக்குப் போகுது" என்றாள்.

அவள் கீறிய படத்தை அவள் சரியாகத்தான் வாசித்தாள். பிழை படத்தில் இருந்தது. எல்லாப் பெட்டியையும் ஒரே அளவில் கீறியதால், மேலே இருந்த முழுப் பட்டை மூன்று பெட்டி நீளம், கீழே இருந்தது ஐந்து பெட்டி நீளம். சின்னப் பாணில் மூன்றில் இரண்டையும் பெரிய பாணில் ஐந்தில் மூன்றையும் வெட்டி வைத்து எது கூட என்று கேட்ட மாதிரி.

இதற்குள் வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த தம்பியின் மனைவி, "மச்சாள், வட்டம் கீறிக் காட்டுங்கோ, ரொட்டி எண்டால் பிள்ளைக்கு விளங்கும்" என்றாள். பக்கத்து வீட்டில் தரம் 8 படிக்கும் பையனோ, படமே வேண்டாம், குறுக்கே பெருக்கினால் ஒரு நிமிடத்தில் விடை வரும் என்றான். மூன்றையுமே அன்று செய்து பார்த்தோம்.

ரொட்டியில் இருந்து தொடங்குகிறேன். வட்டத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முழுசு எது என்பதைப் பிள்ளை மறக்கவே முடியாது. ஒரு துண்டு குறைந்தால் வட்டம் வாய் திறந்து நிற்கும். அரை, கால், முக்கால் எல்லாம் நடுவால் இரண்டு கோடு போட்டால் வந்துவிடும். அவை எங்கள் வாயிலும் பழகிய சொற்கள்.

மூன்றும் ஐந்தும் வந்தவுடன்தான் வட்டம் காலை வாருகிறது. மூன்று சம துண்டுக்கு நடுவில் ஒவ்வொன்றும் 120 பாகை வேண்டும், ஐந்துக்கு 72 பாகை. பாகைமானி பிடிக்கத் தெரியாத வயது. அதனால் பிள்ளை என்ன செய்யும்? பாண் வெட்டுவது போல வட்டத்தின் குறுக்கே நேராக இரண்டு கோடு போடும். தம்பி மகளும் அதையேதான் செய்தாள். இடைவெளி சமமாக இருந்ததால் மூன்றும் சமன் என்று நம்பினாள். உண்மையில் அப்படி வெட்டினால் நடுத்துண்டு முழு வட்டத்தில் ஏறக்குறைய 42 சதவீதம் வந்துவிடும், ஓரத்துண்டுகள் இரண்டும் தலா 29 சதவீதம்தான். இனி அவள் இரண்டு ஓரத்துக்கும் நிறம் தீட்டி அதை மூன்றில் இரண்டு என்று வைத்தால், கிடைப்பது 58 சதவீதம். ஐந்தில் மூன்று என்பது சரியாக 60 சதவீதம். ஆக அந்தப் படம் விடையையே தலைகீழாக்கிவிடும், பிள்ளைக்கு ஏன் என்று தெரியவும் வராது. பாதிக்குக் கூடவா குறையவா என்று பார்ப்பதற்கு மட்டும் நான் வட்டத்தை எடுப்பேன். கிட்டக் கிட்ட இருக்கும் இரண்டு பின்னங்களை ஒப்பிட எடுக்கமாட்டேன்.

அடுத்தது பையனின் வழி. 2 ஐ 5 ஆல் பெருக்கு, 10. 3 ஐ 3 ஆல் பெருக்கு, 9. பத்துப் பெரிது, ஆகவே 2/3 பெரிது. விடை சரி. எந்த இரண்டு பின்னத்துக்கும் இது பிழைக்காது, இடமும் எடுக்காது. பரீட்சையில் நேரம் போதாதபோது நானும் இதைத்தான் செய்வேன்.

ஆனால் "பத்து என்ன, ஒன்பது என்ன?" என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தெரியாததன் விலை அடுத்த கணக்கிலேயே வந்தது. 3/4, 5/7 கொடுத்தேன். அவள் 3 ஐ 7 ஆல் பெருக்கி 21 எடுத்தாள். கை 7 இல் போய் முடிந்ததால் 21 ஐ 5/7 இன் பக்கத்தில் எழுதினாள். 5 ஐ 4 ஆல் பெருக்கி வந்த 20 ஐ 3/4 இன் பக்கத்தில் எழுதினாள். பெருக்கல் இரண்டும் சரி, விடை பிழை. 21 உண்மையில் 3/4 க்கு உரியது. மேலே உள்ள எண் எந்தப் பின்னத்துடையதோ அந்தப் பின்னத்துக்கே பெருக்கம் சேரும். இதை மனப்பாடமாக வைத்திருக்கலாம்தான். மறந்துபோனால், பிழை விட்டோம் என்று காட்ட அந்தத் தாளில் எதுவுமே இருக்காது.

சரி, பட்டைக்கு வருவோம். அவள் முதலில் கீறியதும் பட்டைதான், அதனால் புதிதாக எதையும் தொடங்கத் தேவையில்லை. ஒன்றைத்தான் திருத்தச் சொன்னேன்: "இரண்டும் ஒரே பாண். முதலில் பாணைக் கீறு, பிறகு வெட்டு." இரண்டு பட்டையும் ஒரே நீளம், ஒன்றுக்கு நேர் கீழே மற்றது, இடது ஓரம் ஒரே கோட்டில். வலது ஓரமும் ஒரே கோட்டில் வந்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும், முழுசு சமனா இல்லையா என்று பிள்ளையே சொல்லிவிடும். அவளுடைய முதல் படத்தில் வலது ஓரங்கள் இரண்டு பெட்டி தள்ளி நின்றன. நான் அதில் விரலை வைத்ததும், "ஓ, பாண் வேற வேற" என்றாள்.

இங்கே எங்கள் மொழி நல்ல உதவி செய்கிறது. மூன்றில் இரண்டு என்று சொல்லும்போது மூன்று முதலில் வருகிறது, இரண்டு பிறகு. பட்டையிலும் அதே ஒழுங்குதான். முதலில் மூன்றாக வெட்டு, அதில் இரண்டை எடு. கீழே இருக்கும் பகுதி எண் வெட்டச் சொல்கிறது, மேலே இருக்கும் தொகுதி எண் எடுக்கச் சொல்கிறது. இரண்டின் கீழ் மூன்று என்று மட்டும் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இந்த ஒழுங்கு காதில் விழுவதில்லை.

வெட்டும்போது இன்னொரு சறுக்கல் வரும். மூன்று துண்டு என்றவுடன் பிள்ளை மூன்று கோடு போடும், துண்டு நாலாகிவிடும். மூன்று துண்டுக்கு உள்ளே இரண்டு கோடு, ஐந்து துண்டுக்கு நாலு கோடு. கோட்டை எண்ணாமல் துண்டை எண்ணிப் பார்க்கச் சொன்னால் பிழை தானே தெரியும்.

இனித்தான் முக்கியமான இடம். சதுரக்கோட்டுக் கொப்பியைக் கொடுத்து, பட்டை எத்தனை சதுரம் நீளம் வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். முதலில் 12 என்றாள். மூன்றாக வெட்ட நாலு நாலாக அழகாக வந்தது. ஐந்தாக வெட்டப் போனால் இரண்டு இரண்டாகப் பிரித்து இரண்டு சதுரம் மிஞ்சியது. அழித்தாள். 10 எடுத்தாள். ஐந்து சரி, மூன்று சரிவரவில்லை. கொஞ்ச நேரம் விரலில் எண்ணிக்கொண்டு இருந்துவிட்டு, "பதினைஞ்சு மாமி, அது ரெண்டுக்கும் வெட்டுப்படும்" என்றாள்.

மேல் பட்டையில் ஒரு துண்டு ஐந்து சதுரம், இரண்டு துண்டு 10. கீழ்ப் பட்டையில் ஒரு துண்டு மூன்று சதுரம், மூன்று துண்டு 9. மேலே நிறம் ஒரு சதுரம் கூட ஓடி நின்றது. எது பெரிது என்பதோடு எவ்வளவு பெரிது என்பதும் அங்கேயே இருந்தது: பதினைந்தில் ஒன்று. சதுரக்கோடு இல்லாத தாள் என்றால் கொம்பாஸ் பெட்டிக்குள் இருக்கும் 15 செ.மீ. அடிமட்டத்தின் முழு நீளத்தையே பட்டையாக எடுக்கலாம். மூன்றுக்கு 5 செ.மீ., ஐந்துக்கு 3 செ.மீ.

பையன் எட்டிப் பார்த்தான். அவன் பெருக்கி எடுத்த 10 உம் 9 உம் படத்தில் சதுரங்களாக இருந்தன. குறுக்குப் பெருக்கலில் வெளியே தெரியாமல் இருந்தது அந்த 15 தான். பட்டையை இரண்டுக்கும் பொதுவாக வெட்டும் நீளத்தைத் தேடியபோது, பொது மடங்கு என்ற பெயரைக் கேள்விப்படாமலே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று வழிகளில் பட்டையை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் இதுதான். பெருக்கலைப் பிறகு படிக்கலாம், அப்போது அந்த எண்கள் எதை எண்ணுகின்றன என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அடிமட்டம் இல்லாமல் கையால் கீறினால், 6 செ.மீ. பட்டையில் இந்த இரண்டு பின்னத்துக்கும் இடைவெளி 4 மி.மீ. மட்டுமே. பிள்ளையின் கைக்கோடு அதைவிடக் கூடவும் சாயும். இரண்டு பின்னத்துக்கும் பகுதி எண் ஒரே எண்ணாக இருந்தாலோ, தொகுதி எண் ஒரே எண்ணாக இருந்தாலோ கைப்படம் போதும். 2/3, 2/5 என்றால் எந்தக் கோணல் பட்டையும் சரியாகச் சொல்லிவிடும். கிட்டக் கிட்ட வந்தால் சதுரம் எண்ண வேண்டும்.

எண்ணவும் முடியாத கணக்குகள் உண்டு. 7/8, 8/9 கொடுத்தேன். இரண்டுக்கும் பொதுவாக 72 சதுரம் வேண்டும், கொப்பி அகலம் போதாது. அளந்து கீறினாலும் 18 செ.மீ. பட்டையில் வித்தியாசம் இரண்டரை மி.மீ. தான். அவள் கையால் இரண்டு பட்டை கீறினாள். வலது பக்கம் இரண்டிலும் ஒரு சின்னத் துண்டு வெள்ளையாக மிஞ்சியது. "ரெண்டிலயும் ஒண்டு ஒண்டுதானே மிச்சம், அப்ப சமன்" என்றாள். மிச்சத் துண்டை எண்ணிவிட்டு அதன் அளவைப் பாராமல் விடுவது இந்த வயதில் அடிக்கடி நடக்கும். நல்ல காலத்துக்கு அந்தத் துண்டு படத்திலேயே இருந்தது.

"ஒரு பாணை எட்டாக வெட்டினால் துண்டு பெரிசா, ஒன்பதாக வெட்டினால் பெரிசா?"

"எட்டா வெட்டினால்."

"அப்ப எதில கூட மிச்சம்?"

மேல் பட்டையின் வெள்ளைத் துண்டில் பென்சிலை வைத்தாள். பிறகு கீழே கொண்டுபோனாள். அழிறப்பரை எடுத்து "சமன்" என்று எழுதியதை அழித்துவிட்டு, ஒரு சதுரமும் எண்ணாமல், 8/9 ஐச் சுற்றி வட்டம் போட்டாள்.