அழுத்தத்தைக் கூட்டலாமா, சூப்பர்ஹீட் செய்யலாமா? நீராவி அட்டவணை சொல்லும் பதில்

ஒரு பாய்லர், ஒரு டர்பைன், ஒரு கண்டென்சர், ஒரு பம்ப். எளிய ராங்கின் சுழற்சிக்கு இவ்வளவுதான் வேண்டும். பாய்லர் 30 பாரில் உலர் தெவிட்டிய நீராவியைத் தருகிறது, கண்டென்சர் 0.1 பாரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறனைக் கூட்ட வேண்டும் என்றால் முதலில் தோன்றும் யோசனை சூப்பர்ஹீட்: அதே 30 பாரில் நீராவியை 400 டிகிரி வரை சூடாக்குவது. இன்னொரு வழி, அதே 400 டிகிரியை வைத்துக்கொண்டு அழுத்தத்தை 60 பாருக்கு ஏற்றுவது. மூன்றையும் அட்டவணையை வைத்தே போட்டுப் பார்க்கலாம். எல்லாம் ஒரு கிலோ நீராவிக்கான கணக்கு, ஆற்றல் கிலோஜூலில்.

முதலில் உலர் நீராவி. அட்டவணையில் இருப்பது தனி அழுத்தம். பாய்லர் மேலுள்ள கேஜ் 30 காட்டினால் 31 பார் வரிசையைப் பார்க்க வேண்டும். இங்கே 30 என்பதே தனி அழுத்தம். அந்த வரிசையில் hg 2804.2, sg 6.1869. கண்டென்சரின் 0.1 பார் வரிசையில் hf 191.8, hfg 2392.8, sf 0.6493, sfg 7.5009. டர்பைன் இலட்சியமானது என்றால் நுழைவிலும் வெளியேற்றத்திலும் என்ட்ரோபி ஒன்றே. அதிலிருந்து உலர்வுப் பின்னம் கிடைக்கும், அதிலிருந்து வெளியேறும் என்தால்பி:

```
x2 = (6.1869 − 0.6493) / 7.5009 = 0.738
h2 = 191.8 + 0.738 × 2392.8 = 1958
wT = 2804 − 1958 = 846
```

பம்ப் வேலைக்கு அட்டவணையில் நீரின் கன அளவு 0.00101 என்பதை எடுத்து, கிலோபாஸ்கலில் எழுதிய அழுத்த வித்தியாசத்தால் பெருக்கினால் 3 கிலோஜூல்தான் வருகிறது. பாய்லருக்குள் போகும் நீரின் என்தால்பி 195. கொடுத்த வெப்பம் 2804 கழித்தல் 195, அதாவது 2609. நிகர வேலை 843. வெப்பத்திறன் 32.3 சதவீதம்.

அடுத்து சூப்பர்ஹீட். இதற்குத் தெவிட்டிய அட்டவணை உதவாது. மிகைவெப்ப அட்டவணையில் 30 பார், 400 டிகிரி இரண்டும் சந்திக்கும் கட்டத்தைப் பார்க்க வேண்டும்: h 3230.9, s 6.9212. அழுத்தம் ஏறி 60 பார், 400 டிகிரி என்றால் h 3177.2, s 6.5408. வெப்பநிலை மாறாமல் அழுத்தம் கூடும்போது என்தால்பி கொஞ்சம் இறங்குகிறது பாருங்கள். முதல் பார்வையில் இது நஷ்டம் போலத் தெரியும். மீதி வழிமுறை மேலே உள்ளதுதான்.

| | 30 பார், உலர் | 30 பார், 400° | 60 பார், 400° |
|---|---|---|---|
| டர்பைன் வேலை | 846 | 1038 | 1106 |
| கொடுத்த வெப்பம் | 2609 | 3036 | 2979 |
| வெப்பத்திறன் | 32.3% | 34.1% | 36.9% |
| வெளியேற்ற உலர்வு | 0.738 | 0.836 | 0.785 |

சூப்பர்ஹீட்டில் டர்பைன் வேலை கிட்டத்தட்ட 190 கிலோஜூல் கூடுகிறது, ஆனால் திறன் கூடுவது இரண்டு புள்ளிக்கும் குறைவு. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் வேலை 70 கூடக் கூடவில்லை, திறனோ கிட்டத்தட்ட மூன்று புள்ளி ஏறுகிறது. காரணம், வெப்பத்தைச் சராசரியாக எந்த வெப்பநிலையில் கொடுக்கிறோம் என்பதுதான். கொடுத்த வெப்பத்தை என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால் அந்தச் சராசரி கெல்வினில் வந்துவிடும். முதல் தேர்வுக்கு 471 கெல்வின், சூப்பர்ஹீட்டுக்கு 484, அறுபது பாருக்கு 506. நீராவியை 234 டிகிரியிலிருந்து 400 வரை ஏற்றியும் சராசரி 13 டிகிரிதான் நகர்ந்தது. அந்த ஏற்றத்துக்குப் போகும் வெப்பம் மொத்தம் 3036-இல் வெறும் 427தான். பெரும்பகுதி வெப்பம் நீரைக் கொதிக்க வைப்பதில் போகிறது, கொதிநிலையை முடிவு செய்வது அழுத்தம். அறுபது பாரில் அது 276 டிகிரி.

இதே சராசரி, விடையைச் சரிபார்க்கவும் உதவும். கண்டென்சர் 319 கெல்வினில் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒன்றிலிருந்து 319/471-ஐக் கழித்தால் அதே 32.3 சதவீதம் வர வேண்டும். h2 கணக்கில் hfg-க்குப் பதிலாகப் பக்கத்துப் பத்தியில் உள்ள hg-ஐ எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் வேலை 705 என்றும் திறன் 27 சதவீதம் என்றும் வரும். இரண்டுமே நம்பும்படியான எண்கள், பார்த்தால் சந்தேகமே வராது. சராசரி வெப்பநிலைக் கணக்கோடு ஒப்பிட்டால் உடனே மாட்டிக்கொள்ளும். இலட்சிய சுழற்சிக்கு மட்டும்தான் இந்தச் சோதனை செல்லும்.

சரி, திறனை மட்டும் பார்த்து அறுபது பாரைத் தேர்ந்துவிடலாமா? கடைசி வரிசை தடுக்கிறது. டர்பைனின் கடைசிக் கட்டங்களில் ஈரம் பத்து, பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது என்பது நடைமுறை. தாண்டினால் நீர்த்துளிகள் பிளேடின் முன் விளிம்பை அரிக்கும், அந்தக் கட்டத்தின் திறனும் விழும். இலட்சியக் கணக்கில் மூன்றுமே இந்த வரம்பில் தேறவில்லை. ஆனால் உண்மை டர்பைன் அப்படி ஓடாது. உராய்வில் இழந்த வேலை நீராவிக்குள்ளேயே வெப்பமாகத் தங்கி அதைக் கொஞ்சம் உலர்த்துகிறது. டர்பைனின் ஐசென்ட்ரோபிக் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் சூப்பர்ஹீட் தேர்வில் வேலை 883 ஆகக் குறைகிறது. வெளியேறும் என்தால்பி 2348, உலர்வு 0.90. இது தேறுகிறது. அறுபது பாரில் 0.855. அதாவது ஈரம் பதினான்கு சதவீதத்துக்கு மேல். உலர் நீராவிக்கு 0.79, பேச்சே இல்லை.

எனவே மறுசூடேற்றம் இல்லாத எளிய அமைப்புக்கு என் தேர்வு 30 பார், 400 டிகிரி. இந்த நிலையில் அதன் வெப்பத்திறன் 29 சதவீதம். அறுபது பாரின் 31.4 சதவீதம் கவர்ச்சியானதுதான், ஆனால் பிளேடுகளைக் கொடுத்து வாங்கும் திறன் அது. சூப்பர்ஹீட் உண்மையில் வாங்கித் தருவது திறனைவிட உலர்வைத்தான்.

அறுபது பாரை விட மனமில்லையென்றால் நீராவியை 500 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். அதே அட்டவணையில் h 3422.2, s 6.8803. எண்பத்தைந்து சதவீத டர்பைனோடு உலர்வு 0.91, திறன் 32.6 சதவீதம். இரண்டு கவலையும் தீர்ந்தது. ஆனால் அந்தச் சூட்டைச் சாதாரண கார்பன் எஃகுக் குழாய் நெடுநாள் தாங்காது, குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு வேண்டும், செலவு ஏறும்.

அப்புறம், உலர் நீராவியை யாருமே தொடுவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கூடங்குளத்தில் டர்பைனுக்குப் போவது ஏறக்குறைய 60 பார் தெவிட்டிய நீராவிதான். அணு உலையைக் குளிர்விக்கும் நீரே சுமார் 320 டிகிரியில் இருக்கும்போது நீராவியை 400-க்கு ஏற்ற வழியில்லை. அதனால் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து வரும் ஈர நீராவியிலிருந்து நீரைப் பிரித்து, மறுபடி சூடாக்கி, அதன் பிறகே தாழ்அழுத்தப் பகுதிக்குள் விடுகிறார்கள். அந்த டர்பைனுக்கு h2 கண்டுபிடிக்க வேண்டுமானால் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் போட வேண்டும். நுழைவிலிருந்து கண்டென்சர் வரை ஒரே என்ட்ரோபியை இழுத்துக்கொண்டு போனால் விடை தவறும்.