மணிக்கட்டா, முழங்கையா? ஃபிஸ்டுலா எங்கே போடுவது?

வேலூரில் டயாலிசிஸ் டெக்னீஷியனாகப் பல வருடம் ஊசி குத்தியவன் நான். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "கையில எங்க சார் போடுவாங்க?" இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. நான் பார்த்த இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன்.

முதலாமவர் பேரணாம்பட்டுக்காரர், தோல் தொழிற்சாலையில் வேலை, வயது 38. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. சில மாதம் அவகாசம் இருந்தது. இரண்டாமவர் குடியாத்தத்து லுங்கி நெசவாளி, 61 வயது, இருபது வருடச் சர்க்கரை. கழுத்தில் டியூப் போட்டு ஏற்கெனவே டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபிஸ்டுலா என்றால் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் (நம் ஊரில் இரண்டையுமே 'நரம்பு' என்றுதான் சொல்வோம்) தோலுக்கடியில் ஒட்டுப் போட்டு இணைப்பது. தமனியின் வேகமான ரத்தம் சிரைக்குள் பாயும்போது சிரை விரிந்து, சுவர் தடிக்கும். பெரிய ஊசியைத் திரும்பத் திரும்பத் தாங்குமளவுக்கு அது தயாராவதைத்தான் 'பழுப்பது' என்கிறோம். சிரை சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், நிமிடத்துக்கு 600 மில்லிக்குக் குறையாத ரத்த ஓட்டம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

மணிக்கட்டு பழுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், பழுக்காமலே போவதும் உண்டு. வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். முழங்கையில் சிரையும் தமனியும் பெரியவை என்பதால் ஆறேழு வாரத்திலேயே ஊசி போட முடிவது சகஜம். அப்படியானால் எல்லாருக்கும் முழங்கையிலேயே போட்டுவிடலாமே? கூடாது. மணிக்கட்டில் போட்டது கெட்டால் அதே கையில் முழங்கை மிச்சமிருக்கும். முதலிலேயே முழங்கைக்குப் போய்விட்டால் கீழே திரும்ப வருவது கஷ்டம். இன்னொன்று, முழங்கை ஃபிஸ்டுலா சிலருக்கு விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். விரல் சில்லிட்டு மரத்துப்போவது, டயாலிசிஸின்போது கை வலிப்பது எல்லாம் அதன் அடையாளம். தறியில் உட்காருகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பேரணாம்பட்டுக்காரருக்கு டாப்ளர் ஸ்கேனில் மணிக்கட்டுச் சிரை 2.6 மில்லிமீட்டர். இடது மணிக்கட்டிலேயே போட்டார்கள். நெசவாளிக்கு அங்கே 1.7தான், தமனியிலும் சுண்ணாம்பு படிந்திருந்தது. கழுத்து டியூப் இருக்கும் ஒவ்வொரு வாரமும் ரத்தத்தில் கிருமி ஏறும் பயம் வேறு. அவருக்கு முழங்கைதான் சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் கைப்பயிற்சி. காயம் ஆறி, வலி அடங்கி, டாக்டர் சரி என்ற பிறகுதான் தொடங்க வேண்டும். மெத்தென்ற பந்தை அமுக்கி, மூன்று எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. தசை வேலை செய்தால் தமனியில் ஓட்டம் கூடும், அந்த ஓட்டம்தான் சிரையை விரிக்கும். நெசவாளி பந்து வாங்கவில்லை. நூல் சிட்டத்தைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தார். "எனக்கு இது பழகினது தம்பி" என்றார். அதுவே போதும். முழங்கை ஃபிஸ்டுலாவுக்குக் கையை மடக்கி நீட்டும் பயிற்சியும் சேர்த்துச் செய்யச் சொன்னோம். மேற்கையில் பட்டை கட்டிக்கொண்டு அமுக்குவது யாராவது நேரில் சொல்லிக்கொடுத்தால் மட்டும்தான். இறுக்கிக் கட்டினால் ஓட்டமே நின்று உறைந்துவிடும்.

பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் கூடாது. பேரணாம்பட்டுக்காரர் ஒரு நாள் தவறாமல் அமுக்கினார். ஆனாலும் ஐந்தாவது வாரம் சிரை 4 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, ஓட்டம் 380. ஒட்டுக்கு மேலே சிரையை விரலால் அழுத்தி, மெல்ல மெல்ல மேலே நகர்ந்து பார்த்தோம். அழுத்தினால் 'ர்ர்ர்' என்ற அதிர்வு நின்று வெறும் துடிப்பாக வேண்டும். ஓரிடத்துக்கு மேலே போனதும் அழுத்திய பிறகும் அதிர்வு நிற்கவில்லை. ரத்தம் ஒரு கிளைச் சிரை வழியே நழுவிக்கொண்டிருந்தது. இதைப் பந்து அடைக்காது. கிளையைக் கட்ட வேண்டும், கட்டினார்கள். பத்தாவது வாரம் 6 மில்லிமீட்டர், 640. ஒட்டுக்கு அருகே சுருக்கம் இருந்திருந்தால் உள்ளே பலூன் விட்டு விரிக்க வேண்டி வந்திருக்கும். அதனால்தான் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒரு தடவை கையைக் காட்டச் சொல்கிறோம். மூன்று மாதம் பந்தையே நம்பி உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும்.

நெசவாளியின் முழங்கை ஏழாவது வாரம் தயாரானது. கழுத்து டியூபையும் எடுத்தாயிற்று. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் குளிர்ந்தே இருந்தன. புண்ணோ நிறமாற்றமோ இல்லாததால் இப்போதைக்குக் கண்காணிப்பு மட்டும்தான். ஒவ்வொரு முறையும் மிஷினைப் போடுவதற்கு முன் அந்த இரண்டு விரல்களையும் நான் தொட்டுப் பார்ப்பேன்.