பன்னிரண்டு போல்ட்டும் ஒரு Ignore பொத்தானும்

சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் உள்ள Interference Detection கருவியை ஏழு ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்துகிறேன். வரைபடத்தைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பும் முன் கடைசியாகத் திறப்பது அதைத்தான். ஒரு பாகம் இன்னொன்றுக்குள் எத்தனை கன மில்லிமீட்டர் புகுந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். அதில் எதை ஏற்பது என்பது மட்டும் நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் தவறியதால்தான் இதை எழுதுகிறேன். ஒரு கியர்பாக்ஸ் மூடியில் பன்னிரண்டு M8×30 போல்ட், அதாவது 8 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம். மரையை யாரும் மாடலில் வெட்டுவதில்லை. போல்ட் 8 மி.மீ., துளை 6.8 மி.மீ. ஆகவே ஒவ்வொரு போல்ட்டும் பட்டியலில் வந்து நிற்கும். "மரைதானே" என்று பன்னிரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Ignore அழுத்தினேன். முதல் பெட்டியைக் கோத்த ஃபிட்டர் அண்ணன் கூப்பிட்டார்: "தம்பி, ரெண்டு போல்ட் இறுகுகிறது, மூடி இறுகவில்லை."

மூடியின் தடிமன் 18 மி.மீ.; காது போல் நீண்ட இரண்டு இடங்களில் மட்டும் 10. மற்ற பத்து போல்ட்டும் 12 மி.மீ. உள்ளே போகின்றன. போல்ட்டுக்கும் துளைக்கும் இடையிலான வளையத்தின் பரப்பு ஏறக்குறைய 14 ச.மி.மீ., எனவே 167 க.மி.மீ. காதுகளில் இருந்த இரண்டும் 20 மி.மீ. போக வேண்டும், துளையோ 18 மி.மீ.தான், மாடலில் அடி தட்டை. வளையம் 251, அடியில் முட்டிய 2 மி.மீ.க்கு முழு வட்டமாக 101, மொத்தம் 352. பட்டியலில் பத்து இடத்தில் 167, இரண்டு இடத்தில் 352 என்று எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. அந்த இரண்டையும் M8×25 ஆக்கியதும் தீர்ந்தது.

அன்றிலிருந்து போல்ட்டுகளைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கினாலும், கன அளவை வரிசையாகப் பார்க்காமல் எதையும் ஒதுக்குவதில்லை. ஒருமுறை ஒதுக்கியதை அடுத்த சோதனையிலும் கருவி மறைத்தே வைக்கும். நடுவில் யாராவது போல்ட் நீளத்தை மாற்றியிருந்தால் கண்ணில் படாது. வெளியிடும் நாளில் ஒதுக்கியவற்றையும் காட்டச் சொல்லி மீண்டும் ஓட்டுகிறேன்.

கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வேறு கதை. 3 மி.மீ. கயிறு, 2.3 மி.மீ. ஆழப் பள்ளம்: 0.7 மி.மீ. மூடிக்குள் புகுந்ததாகக் காட்டும். அந்த அழுத்தம் இல்லாவிட்டால்தான் எண்ணெய் கசியும். இங்கே நான் பார்ப்பது, நசுங்கும் ரப்பருக்குப் போக இடம் இருக்கிறதா என்பதை. கயிற்றின் குறுக்குப் பரப்பு 7.1, பள்ளம் 4 மி.மீ. அகலம் என்றால் 9.2. போதும். 3 மி.மீ. அகலம் என்றால் 6.9, அதில் ரப்பர் அடங்காது, மூடி உட்காராது. இரண்டுக்கும் மூடிப் பக்கத்தில் கருவி காட்டும் எண் ஒன்றேதான்.